பயிற்சிக்குப் பிந்தைய படிவம் எதைக் கேட்க வேண்டும்

பயிற்சி வகுப்பு முடியும் நேரத்தில் கையில் தரப்படும் ஃபீட்பேக் படிவம் எந்த நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா, பயிற்சியாளர் தெளிவாக விளக்கினாரா, நேரம் போதுமானதாக இருந்ததா, அரங்கமும் சாப்பாடும் எப்படி என்று ஏழெட்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள். மாலை நாலரை மணிக்கு, சான்றிதழுக்காகக் காத்திருக்கும்போது, பயிற்சியாளர் எதிரிலேயே நிற்கும்போது அது நிரப்பப்படுகிறது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் 5 என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்துவிடுவதும் உண்டு. கூட்டிப் பார்த்தால் சராசரி 4.6 என்று வரும். அதை அறிக்கையில் எழுதிக் கோப்பில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்த 4.6-ஐ வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது என்பதுதான் சிக்கல். அடுத்த முறை எந்தப் பகுதியைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, வகுப்பில் கற்றதை வேலையில் செய்கிறார்களா, செய்யாவிட்டால் எது தடுக்கிறது ஆகிய எதற்கும் அதில் பதில் இல்லை. வந்தவர்களுக்கு அன்றைய பொழுது நல்லபடியாகக் கழிந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது.

மகிழ்ச்சி வேறு, வேலையில் பயன்படுவது வேறு என்ற வேறுபாடு புதிதல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொனால்ட் கிர்க்பாட்ரிக், 1959-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைத் தொடரில் பயிற்சியின் பலனை நான்கு படிகளாகப் பிரித்தார். பங்கேற்றவரின் எதிர்வினை முதல் படி. அவர் கற்றுக்கொண்டது இரண்டாவது. வேலையிடத்தில் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறியது மூன்றாவது. அதனால் நிறுவனத்துக்குக் கிடைத்த விளைவு நான்காவது. பயிற்சித் துறையில் இருக்கும் எல்லோருக்கும் இந்த நான்கும் மனப்பாடம். ஆனால் கையில் இருக்கும் படிவம் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடும்.

முதல் படியில் நல்ல மதிப்பெண் வந்தால் மூன்றாவது படியும் தானாக நடக்கும் என்று நம்பலாமா? 1997-இல் ஜார்ஜ் ஆலிகரும் அவருடைய குழுவினரும் அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்பே இல்லாவிட்டால் 0, முழுத் தொடர்பு இருந்தால் 1 என்று வைத்துக்கொண்டால், ‘பயிற்சி பிடித்திருந்தது’ என்ற பதிலுக்கும் வேலையில் கற்றதைப் பயன்படுத்துவதற்கும் இடையிலான தொடர்பு 0.07. ‘என் வேலைக்கு இது உதவும்’ என்ற பதிலுக்கு அது 0.18. இரண்டுமே சொற்பம்தான். ஆனாலும், பிடித்ததா என்று கேட்பதிலிருந்து வேலைக்கு உதவுமா என்று கேள்வியைத் திருப்பியதுமே பதில் கொஞ்சமாவது உண்மையின் பக்கம் நகர்கிறது. கேள்வியை இன்னும் நகர்த்த முடியுமா என்பதுதான் படிவம் எழுதுபவர் யோசிக்க வேண்டியது.

இதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒரு தனியார் மருத்துவமனை தன் ஸ்டாஃப் நர்ஸ்கள் 40 பேருக்கு ‘எஸ்பார்’ முறையில் ஒருநாள் பயிற்சி தருகிறது. பேஷன்ட்டின் நிலை மோசமாகும்போது டாக்டருக்கு என்ன வரிசையில் தகவல் சொல்வது என்பதற்கான முறை இது. முதலில் நிலைமை, அடுத்து பின்னணி, பிறகு நர்ஸின் மதிப்பீடு, கடைசியில் பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் பரிமாறும் பழக்கத்திலிருந்து வந்த இந்த முறையை, கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் கொலராடோ கிளையில் மைக்கேல் லெனார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் மருத்துவத்துக்கு ஏற்ப அமைத்தார்கள். இன்று பல நாடுகளின் நர்ஸிங் பயிற்சிகளில் இது இடம்பெறுகிறது.

பயிற்சிக்கு முன் நள்ளிரவில் போகும் போன் இப்படி இருக்கும்: “டாக்டர், 7ஆம் பெட் பேஷன்ட் ஒரு மாதிரியா இருக்காங்க, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?” பயிற்சி எதிர்பார்ப்பது இப்படி ஒரு போனை: “டாக்டர், பெண்கள் வார்டு சிஸ்டர் பேசுறேன். 7ஆம் பெட் அம்மாவுக்கு பிபி 84/50, பல்ஸ் 124. அரை மணி நேரமா பிபி இறங்கிட்டே வருது. நேத்துக் காலையில கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவங்க. உள்ளே ரத்தம் கசியுதோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும். வர்றதுக்குள்ள நான் என்ன ஆரம்பிக்கட்டும்?”

முதல் இரண்டு பகுதிகளைச் சொல்வது சுலபம். கேஸ் ஷீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ‘ரத்தம் கசியுதோ’ என்று தன் ஊகத்தைச் சொல்வதும், ‘இப்பவே வரணும்’ என்று டாக்டரிடம் கேட்பதும்தான் கடினம். இதற்கு அறிவைவிடத் துணிச்சல்தான் அதிகம் வேண்டும். பயிற்சியின் உயிர்நாடியும் அங்கேதான் இருக்கிறது. நல்ல படிவம் அந்த இடத்தைத் தொட வேண்டும். ‘பயிற்சி பயனுள்ளதாக இருந்தது’ என்ற வரி அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை.

முதலில், வகுப்பு முடியும் அன்றே தரப்படும் படிவம். அன்று யாரும் எதையும் வேலையில் செய்திருக்க முடியாது. அதனால் அன்றைய படிவத்தால் வேலையில் நடந்த மாற்றத்தை அளக்க முடியாது, அதற்கான ஆயத்தத்தை மட்டும் அளக்கலாம். இங்கே வழக்கமாக எழுதப்படும் வரி: ‘கற்ற திறன்களைப் பணியிடத்தில் நடைமுறைப்படுத்தும் நம்பிக்கை எனக்கு ஏற்பட்டுள்ளது’. எதிரே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். ரென்சிஸ் லைகர்ட் 1932-இல் முன்வைத்த இந்த அளவுகோல் மனப்பான்மைகளை அளப்பதற்காகப் பிறந்தது. ஒருவர் போடும் 4-க்கும் இன்னொருவர் போடும் 4-க்கும் ஒரே பொருள் என்று சொல்ல முடியாது. ஒரு கூற்றை முன்னால் வைத்து ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டிவிடுவதும் மனித இயல்பு.

வில் தால்ஹைமர் என்ற அமெரிக்கப் பயிற்சி ஆலோசகர் 2016-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு மாற்று சொன்னார். எண்களையும் ‘உடன்படுகிறேன்’களையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு விடையையும் வேலையின் மொழியில் ஒரு நிலையாக விவரித்துவிட வேண்டும் என்பது அது. எஸ்பார் பயிற்சிக்கு அதை இப்படி எழுதலாம்:

இன்றிரவு உங்கள் வார்டில் ஒரு பேஷன்ட்டின் நிலை மோசமாகிறது. டியூட்டி டாக்டருக்கு எஸ்பார் முறையில் போன் செய்ய வேண்டும். இப்போது உங்கள் நிலை எது?
அ. நான்கு பகுதிகளின் பெயர் நினைவிருக்கிறது, போனில் கோவையாகச் சொல்ல வராது.
ஆ. கார்டைப் பார்த்துச் சொல்வேன், ஆனால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.
இ. கார்டைப் பார்த்துத் தனியாகவே சொல்லிவிடுவேன்.
ஈ. கார்டு இல்லாமலே சொல்வேன்.

இந்த நான்கு வரிகளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ‘அ’வைத் தேர்ந்தெடுப்பவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டதாக உணரமாட்டார், ஏனென்றால் அதிலும் அவருக்குத் தெரிந்த ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. ‘எனக்கு எதுவும் புரியவில்லை’ என்று அந்த வரி இருந்திருந்தால், உண்மையிலேயே புரியாதவர்கூட அதைத் தொடத் தயங்குவார். அடுத்து, நான்கில் எது ‘சரியான’ விடை என்று பார்த்தவுடன் தெரிவதில்லை. ‘ஈ’ மிகச் சிறந்ததாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவமனைக்குத் தேவை ‘இ’தான், போன் பக்கத்திலேயே கார்டு இருக்கும்போது அதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டியதில்லை. கடைசியாக, ஒரு விடையில் ஒரே நிலைதான் இருக்கிறது. ‘முறையைப் புரிந்துகொண்டேன், பயன்படுத்தவும் தயாராக இருக்கிறேன்’ என்று இரண்டை ஒன்றாகக் கட்டி எழுதினால், புரிந்தும் தயாராகாதவருக்குப் போக இடமில்லை.

‘இ’யும் ‘ஈ’யும் எத்தனை பேரிடமிருந்து வந்தால் வகுப்பு தன் வேலையைச் செய்தது என்று கொள்வது என்பதை வகுப்புக்கு முன்பே எழுதிவைப்பது நல்லது. முடிவைப் பார்த்த பிறகு எல்லை வகுத்தால் எந்த எண்ணும் நல்ல எண்ணாகிவிடும். நம் எடுத்துக்காட்டில் 40 பேரில் 28 பேர் இந்த இரண்டில் ஒன்றைக் குறித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆ’வைக் குறித்தவர்கள் 9 பேர், ‘அ’வை 3 பேர். இந்த 12 பேருக்கும் வார்டிலேயே இன்னும் ஓரிரு ஒத்திகை வேண்டும் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிடலாம். 4.6 என்ற சராசரி இதைச் சொல்லியிருக்காது.

பயிற்சிக்கு முன்பும் பின்பும் ஒரே கேள்வியைக் கேட்டு வித்தியாசத்தைப் பார்த்தால் என்ன என்று பலருக்கும் தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. வகுப்புக்கு வரும் முன், டாக்டருக்குத் தகவல் சொல்வதில் தனக்கு என்ன குறை என்று நினைக்கும் நர்ஸ் தனக்கு 4 மதிப்பெண் போட்டுக்கொள்வார். நான்கு பகுதிகளையும் கற்ற பிறகுதான், இத்தனை நாளும் பாதியைத்தான் சொல்லிவந்தோம் என்று அவருக்குத் தெரியவரும். மாலையில் மறுபடி 4 போடுவார். கணக்குப்படி முன்னேற்றம் பூஜ்யம், உண்மையில் அவர் நிறையக் கற்றிருக்கிறார். அளக்கப்படுபவரின் அளவுகோலே இடையில் மாறிவிடுகிறது. 1970களின் பிற்பகுதியில் ஜார்ஜ் ஹோவர்ட் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து, இரண்டு கேள்விகளையும் கடைசியில் சேர்த்தே கேட்கலாம் என்றார். ‘இன்று தெரிந்துகொண்டதை வைத்துப் பார்த்தால், போன வாரம் நீங்கள் செய்த போன் எந்த நிலை? இப்போது எந்த நிலை?’ என்று கேட்பது அந்த வகை. இதிலும் முன்னேற்றம் காட்டும் ஆசை கொஞ்சம் எட்டிப்பார்க்கும். ஆனாலும் நிலைகளை மேலே சொன்னதுபோல் விவரித்து எழுதியிருந்தால் அந்த ஆசைக்கு இடம் குறையும்.

உண்மையான அளவீடு பல வாரம் கழித்து வரும் இரண்டாவது படிவத்தில்தான் இருக்கிறது. எத்தனை வாரம் என்பதை அந்த வேலை எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். டியூட்டி டாக்டருக்கு நிலை மோசமானதைச் சொல்லும் போன் ஒரு நர்ஸுக்கு வாரத்தில் ஓரிரு முறை வரலாம், அதனால் ஆறு வாரம் போதும். ஆண்டுக்கணக்கு முடிக்கும் பயிற்சி என்றால் மார்ச் மாதம் தாண்டாமல் கேட்டுப் பயனில்லை. எல்லாப் பயிற்சிக்கும் ‘90 நாள்’ என்று ஒரே விதி வைத்திருக்கும் நிறுவனங்களில் பாதிப் படிவம் வெறுமையாகத் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இரண்டாவது படிவத்திலும் பழைய வழக்கம் எளிதாக நுழைந்துவிடும். ‘பயிற்சியில் கற்றதைத் தற்போது பணியில் பயன்படுத்துகிறீர்களா? எப்போதும் / பெரும்பாலும் / சில சமயம் / இல்லை’ என்று எழுதினால் கேள்வி வேலையைப் பற்றியதாகத் தோன்றும். உண்மையில் அது பதில் சொல்பவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் படத்தைத்தான் கேட்கிறது. ‘பெரும்பாலும்’ என்று குறிப்பவர் எந்தப் போனையும் நினைத்துப் பார்ப்பதில்லை. இதற்கு மிக நல்ல மருந்து, கடைசியாக நடந்த ஒன்றைக் கேட்பது:

டியூட்டி டாக்டருக்கு ஒரு பேஷன்ட்டின் நிலை மோசமானதைச் சொல்ல நீங்கள் கடைசியாகப் போன் செய்தது எப்போது?
கடந்த 3 நாளுக்குள் / கடந்த 2 வாரத்துக்குள் / அதற்கும் முன்பு / பயிற்சிக்குப் பிறகு அப்படி ஒரு தேவை வரவில்லை

அந்தப் போனில் நீங்கள் சொன்னவற்றை மட்டும் டிக் செய்யவும்.
உங்கள் பெயர், வார்டு, பெட் எண் / பிபி, பல்ஸ் எண்கள் / எதற்காக அட்மிட் ஆனவர், என்ன சிகிச்சை நடந்தது / பிரச்சினை என்னவாக இருக்கும் என்று நீங்கள் நினைத்தது / டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்டது

டிக் செய்யாமல் விட்டது எதுவும் இருந்தால், முக்கியமான ஒரு காரணம் எது?
டாக்டர் இடையிலேயே பேசிவிட்டார் அல்லது போனை வைத்துவிட்டார் / அதைச் சொல்வது என் வேலையில்லை என்று நினைப்பாரோ என்று தயங்கினேன் / மறந்துவிட்டது / அந்தச் சமயத்தில் தேவைப்படவில்லை

முதல் கேள்வியின் நான்காவது விடை சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அது இல்லாமல் கணக்கே தவறிப்போகும். தேவையே வராதவரும், தேவை வந்தும் செய்யாதவரும் பழைய படிவத்தில் ஒரே ‘இல்லை’யில் போய் விழுவார்கள். முதலாமவரிடம் எந்தக் குறையும் இல்லை. இரண்டாமவரை எது தடுத்தது என்பதுதான் தெரிய வேண்டியது.

இரண்டாவது கேள்வியில் ‘எஸ்பார்’ என்ற பெயரே இல்லை. வேண்டுமென்றுதான் அப்படி. பெயரைச் சொன்னால் அது தேர்வுக் கேள்வி ஆகிவிடும். நான்கையும் டிக் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்துவிடும். தான் உண்மையில் என்ன பேசினோம் என்று யோசிக்க வைப்பதற்கு அந்தப் பேச்சின் துண்டுகளையே முன்னால் வைக்க வேண்டும். ‘எண்கள்’, ‘நீங்கள் நினைத்தது’, ‘நீங்கள் கேட்டது’ என்று சாதாரணச் சொற்களில் எழுதுவதும் அதற்காகத்தான். ‘மருத்துவக் குறியீடுகளைத் தெரிவித்தல்’ என்றெல்லாம் எழுதினால் படிப்பவர் வார்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்.

காரணம் கேட்கும் கேள்வியில் தடை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. திமோதி பால்ட்வினும் ஜே. கெவின் ஃபோர்டும் 1988-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கற்றது வேலைக்கு வருவதைக் கற்றவரின் தன்மை, பயிற்சியின் அமைப்பு, வேலையிடச் சூழல் என்ற மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று விளக்கியது. பழைய படிவம் இரண்டாவதை மட்டும் மதிப்பிடுகிறது. சூழலைப் பற்றிய கேள்வி அதில் இருக்காது. இருந்தாலும் ‘மேலதிகாரியின் ஒத்துழைப்பு கிடைக்கிறதா?’ என்று இருக்கும், அதற்கு இல்லை என்று எழுத யாருக்கும் தைரியம் வராது. ‘டாக்டர் இடையிலேயே பேசிவிட்டார்’ என்பது புகார்போல ஒலிக்காது, நடந்ததை அப்படியே சொல்கிறது. அதை டிக் செய்வது சுலபம்.

எடுத்துக்காட்டின் ஆறாவது வாரப் படிவங்கள் திரும்பி வந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 40 பேரில் 6 பேருக்குத் தேவை வரவில்லை. மீதி 34 பேரில் எண்களைச் சொன்னவர்கள் 31, பின்னணியைச் சொன்னவர்கள் 26, தன் ஊகத்தைச் சொன்னவர்கள் 15, டாக்டரிடம் இன்னது வேண்டும் என்று கேட்டவர்கள் 9 மட்டுமே. கேட்காத 25 பேரில் 13 பேர் டாக்டர் இடையில் பேசிவிட்டதாகவும், 7 பேர் தயங்கியதாகவும், 3 பேர் மறந்துவிட்டதாகவும், 2 பேர் தேவைப்படவில்லை என்றும் குறித்திருக்கிறார்கள்.

முதல் நாள் 28 பேர் ‘தனியாகவே சொல்லிவிடுவேன்’ என்ற நிலையில் இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மறந்தவர்கள் 3 பேர்தான். நர்ஸ்களுக்கு அதே வகுப்பை மறுபடி நடத்துவது பணத்தையும் நேரத்தையும் வீணாக்குவது. அடுத்த அரை மணி நேர அமர்வுக்குக் கூப்பிட வேண்டியவர்கள் டியூட்டி டாக்டர்கள். சிஸ்டர் நான்காவது வரியைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதும், சொல்லாவிட்டால் ‘உங்களுக்கு என்ன தோணுது சிஸ்டர்?’ என்று தாமே கேட்பதும் அவர்கள் கற்க வேண்டிய இரண்டு விஷயங்கள். பயிற்சி பெறாத ஒருவரிடம்தான் தடை இருக்கிறது என்பதைப் பயிற்சி பெற்றவர்களின் படிவம் காட்டிக் கொடுத்திருக்கிறது. இப்படி ஒன்றைக் காட்டும் படிவத்துக்குத்தான் அச்சடிக்கும் செலவு தகும்.

அடுத்தது மேற்பார்வையாளருக்கான படிவம். இன்சார்ஜ் சிஸ்டரிடம் ‘பயிற்சிக்குப் பின் இவருடைய தகவல் தொடர்புத் திறன் மேம்பட்டுள்ளதா?’ என்று கேட்டால், அவருக்குப் பிடித்த நர்ஸுக்கு 5-ம், லேட்டாக வரும் நர்ஸுக்கு 2-ம் கிடைக்கும். கருத்தை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை, காதால் கேட்டதைக் கேட்க வேண்டும்: ‘கடந்த 2 வாரத்தில் இவர் டாக்டருக்குச் செய்த போன் எதையாவது நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டீர்களா? கேட்டிருந்தால், கடைசியாகக் கேட்ட போனில் அவர் என்ன வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னாரா?’ இதில் ‘நான் கேட்கவில்லை’ என்பதும் மதிப்புள்ள விடை. இரவு ஷிஃப்டில் நடப்பதை இன்சார்ஜ் சிஸ்டர் பார்க்க வழியில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. அந்த விடை அதிகமாக வந்தால், மேற்பார்வையாளர் படிவத்தை நம்பிப் பலனில்லை, வேறு வழி தேட வேண்டும் என்று பொருள்.

எவ்வளவு கவனமாக எழுதினாலும் தானே தன்னைப் பற்றிச் சொல்லும் பதிலுக்கு ஒரு எல்லை உண்டு. மருத்துவமனைகளில் கை கழுவுவதைப் பற்றிய ஆய்வுகளில் இது பலமுறை தெரியவந்திருக்கிறது. எத்தனை முறை கை கழுவுகிறீர்கள் என்று கேட்டால் ஊழியர்கள் சொல்லும் அளவு, பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தால் வரும் அளவைவிட அதிகமாகவே இருக்கும். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று பொருளல்ல. செய்த தடவைகள் நினைவில் நிற்கின்றன, விட்ட தடவைகள் நிற்பதில்லை. ‘கடைசி முறை’ என்று கேட்பது இந்த இடைவெளியைக் குறைக்கும், முழுதாக மூடாது. அதோடு, கடைசிப் போன் ஒவ்வொருவருக்கும் ஒன்றுதான். வாரத்துக்குப் பத்துப் போன் செய்பவரும் ஒன்று செய்பவரும் இந்தக் கணக்கில் சமம் ஆகிவிடுவார்கள்.

ஆகவே படிவத்தில் உள்ள ஒரு கேள்வியையாவது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இங்கே அந்தப் பதிவு கேஸ் ஷீட். இருபது கேஸ் ஷீட்டைப் புரட்டினால் போதும் என்று தொடங்குபவருக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கலாம். பல மருத்துவமனைகளில் அந்த இடத்தில் ‘டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்ற ஒரே வரிதான் இருக்கும். என்ன சொன்னார், என்ன கேட்டார், டாக்டர் என்ன பதில் சொன்னார் என்பது இருக்காது. அப்போது முதலில் மாற்ற வேண்டியது கேஸ் ஷீட்டின் அந்த வரியைத்தான். போன் செய்த மணி, கேட்டது, கிடைத்த பதில் என்று மூன்று சின்னக் கட்டங்கள் வைத்தால், அது பதிவும் ஆகும், போன் செய்யும்போது நர்ஸுக்கு நினைவூட்டலும் ஆகும்.

பதிவு கிடைக்காத வேலைகளுக்கு ராபர்ட் பிரிங்கர்ஹாஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த வழி உதவும். சின்னப் படிவம் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்து, அதிகம் பயன்படுத்தியதாகச் சொன்ன சிலரையும் கொஞ்சம்கூடப் பயன்படுத்தாத சிலரையும் பிரித்தெடுத்து, அவர்களோடு மட்டும் உட்கார்ந்து விரிவாகப் பேசுவது அந்த வழி. டாக்டரிடம் கேட்ட அந்த 9 பேர் எப்படிக் கேட்டார்கள், டாக்டர் எப்படி எடுத்துக்கொண்டார், அதனால் பேஷன்ட்டுக்கு என்ன நடந்தது என்பதைக் கட்டங்களால் சொல்ல முடியாது.

பெயர் எழுதச் சொல்வதா வேண்டாமா என்பது தனிக் கேள்வி. பெயர் இருந்தால் முதல் படிவத்தையும் இரண்டாவதையும் பொருத்திப் பார்க்கலாம், ஆனால் தயக்கத்தை ஒப்புக்கொள்ளும் விடைகள் குறையும். பெயருக்குப் பதில் ஒவ்வொருவரும் தாமே ஒரு குறியீடு வைத்துக்கொள்ளலாம். அம்மா பெயரின் முதலெழுத்தும் தன் பிறந்த தேதியும் என்பதுபோல ஒன்று வைத்தால் பொருத்தவும் முடியும், நர்ஸிங் அலுவலகத்துக்கு ஆள் யாரென்றும் எளிதில் தெரியாது. 40 பேர் உள்ள குழுவில் வார்டு, ஷிஃப்ட், அனுபவ ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது. இந்தப் படிவத்தை ஒருமுறை இன்கிரிமென்ட்டோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அதன்பின் வரும் எல்லா விடைகளும் சம்பளத்துக்கான மனுக்கள்தான்.

பழைய கேள்விகளை முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பயிற்சியாளர் வேகமாகப் போனாரா, எந்தப் பகுதி புரியவில்லை என்ற இரண்டு கேள்விகள் அடுத்த வகுப்பை நடத்துபவருக்குத் தேவை. சாப்பாட்டைப் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். முதல் நாள் படிவம் ஐந்து கேள்விகளையும் இரண்டாவது படிவம் நான்கையும் தாண்டினால், பின்பகுதி விடைகளில் மீண்டும் அந்த மேலிருந்து கீழான கோடு வரத் தொடங்கும்.

அச்சுக்குப் போகும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனைக்குச் செலவில்லை. பயிற்சிக்கு வராத இரண்டு நர்ஸ்களிடம் படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, விடையைத் தேர்ந்தெடுக்கும்போது மனதில் ஓடுவதைச் சொல்லச் சொல்ல வேண்டும். ‘கடைசிப் போன்’ என்று படித்ததும் ஒருவர் மருந்துக் கடைக்குச் செய்த போனை நினைத்துக்கொண்டால் கேள்வி இன்னும் இறுகவில்லை. ‘நீங்கள் நினைத்தது’ என்ற வரிக்கு ஒருவர் ‘எதை நினைச்சேன்னு கேக்குறாங்க?’ என்று திரும்பக் கேட்டால் அங்கே ‘பிரச்சினை என்னவாக இருக்கும் என்று’ என்பதைச் சேர்க்க வேண்டும். மேலே தந்த வரியில் அந்தச் சொற்கள் இருப்பது இதற்காகத்தான்.

நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையிலும் சராசரி வேண்டாம். ‘மதிப்பெண் 5-க்கு 4.6’ என்ற இடத்தில் ‘டாக்டருக்குப் போன் செய்யத் தேவை வந்த 34 நர்ஸ்களில் 9 பேர், இன்னது வேண்டும் என்று கேட்டார்கள். கேட்காத 25 பேரில் 13 பேர், டாக்டர் இடையில் பேசிவிட்டதைக் காரணமாகக் குறித்தார்கள்’ என்று எழுதலாம். அதன் கீழேயே, டியூட்டி டாக்டர்களுக்கான அமர்வு எந்தத் தேதியில், யார் நடத்துவது என்ற வரி வரும். மூன்று மாதம் கழித்து அதே மூன்று கேள்விகளை அதே சொற்களில் மறுபடி கொடுக்க வேண்டும். இடையில் ஒரு சொல் மாறினாலும் 9 என்பதை அடுத்து வரும் எண்ணோடு ஒப்பிட முடியாது.